சென்செக்ஸும் நிஃப்டியும் இரண்டு சாட்சிகள் ஆகுமா?

கேள்வி: ஐந்து ஆண்டுகளாகப் பங்குகளில் முதலீடு செய்துவருகிறேன். சந்தையில் முதன்மைப் போக்கு, இடைநிலைப் போக்கு, சிறு போக்கு என்று மூன்று உண்டு என டவ் கோட்பாட்டைப் பற்றிப் படித்தேன். படிக்கும்போது புரிகிறது. ஆனால் சந்தை இறங்கிக்கொண்டிருக்கும்போது, இது மூன்றில் எது என்று அந்த நேரத்திலேயே எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு குறியீடுகள் ஒன்றையொன்று உறுதிசெய்ய வேண்டும் என்றும் சொல்கிறார்கள். சென்செக்ஸும் நிஃப்டியும் ஒன்றாக இறங்கினால் கரடிச் சந்தை உறுதியாகிவிட்டது என்று பொருளா? பங்குகளை விற்றுவிடலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நம்பி நீங்கள் ஏதாவது விற்றுவிடக் கூடாது. சென்செக்ஸும் நிஃப்டியும் ஒன்றாக இறங்குவது உறுதிப்பாடு ஆகாது. சென்செக்ஸில் உள்ள 30 நிறுவனங்களில் ஏறக்குறைய எல்லாமே நிஃப்டியின் 50 நிறுவனங்களுக்குள்ளும் இருக்கின்றன. ஒரே பங்கு மும்பைப் பங்குச் சந்தையில் ஒரு விலைக்கும் தேசியப் பங்குச் சந்தையில் வேறொரு விலைக்கும் விற்றால், அந்த வித்தியாசத்தைக் காசாக்கும் வியாபாரிகள் சில நொடிகளில் அதைச் சமன்செய்துவிடுவார்கள். ஆகவே இரண்டும் சேர்ந்து ஏறுவதும் இறங்குவதும் ஒரே சாட்சியை இரண்டு முறை கூண்டில் ஏற்றி, இரண்டு பேர் சொன்னதாகக் கணக்கு எழுதுவதுதான்.

இந்த விதியை வகுத்தவர்கள் கையில் வைத்திருந்த இரண்டு குறியீடுகளில் ஒரு நிறுவனம்கூடப் பொதுவாக இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நியூயார்க்கில் சார்லஸ் டவ் தொழிற்சாலை நிறுவனங்களுக்கு ஒரு சராசரியும் ரயில்வே நிறுவனங்களுக்குத் தனியாக ஒரு சராசரியும் கணக்கிட்டு வெளியிட்டுவந்தார். தொழில்துறைக் குறியீடு 1896 மே மாதம் 12 பங்குகளுடன் வெளிவந்தது. ரயில்வே குறியீட்டில் 20 பங்குகள். அன்றைய அமெரிக்காவில் ஒரு ஆலை செய்த சரக்கு வாங்குபவரிடம் போய்ச்சேர ரயிலைத்தான் நம்பியிருந்தது. ஆலைகளின் பங்குகள் ஏறி, ரயில்வே பங்குகள் ஏறவில்லையென்றால், செய்த சரக்கு கிடங்கில் கிடக்கிறதோ என்று சந்தேகிக்க இடமிருந்தது. செய்கிறவன் ஒருவன், சுமக்கிறவன் இன்னொருவன். இருவர் கணக்கும் ஒத்துப்போனால்தான் வியாபாரம் நடக்கிறது என்று நம்பலாம். உறுதிப்பாடு என்ற விதியின் உயிர் இதுதான். இந்தப் பின்னணியை விட்டுவிட்டு விதியை மட்டும் எடுத்துக்கொள்வதால்தான் நம் ஊரில் சென்செக்ஸையும் நிஃப்டியையும் ஜோடி சேர்க்கிறார்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. டவ் 1901இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழில் எழுதும்போது கடற்கரையில் நிற்கும் ஒருவரை உதாரணம் காட்டினார். ஓதம் ஏறுகிறதா என்று அறிய விரும்புகிறவர், அலை வந்து தொட்ட இடத்தில் மணலில் ஒரு குச்சியை நடுகிறார். அடுத்த அலை குச்சியைத் தாண்டினால் அதைப் பிடுங்கி இன்னும் மேலே நடுகிறார். அலைகள் குச்சியைத் தொடாமலே திரும்பத் தொடங்கி, போதுமான தூரம் பின்வாங்கிய பிறகுதான் ஓதம் திரும்பிவிட்டது என்று அவருக்குத் தெரிகிறது. ஓதம்தான் முதன்மைப் போக்கு. ஓராண்டு முதல் பல ஆண்டுகள் வரை நீடிக்கும். அலைதான் இடைநிலைப் போக்கு. பொதுவாக மூன்று வாரம் முதல் சில மாதங்கள் வரை ஓதத்துக்கு எதிர்த்திசையில் ஓடி, முந்தைய நகர்வில் மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை திரும்ப எடுத்துக்கொள்ளும். அன்றாடம் செய்தியிலும் வதந்தியிலும் ஆடுவது சிறு போக்கு. அதைப் பற்றி நான் இங்கே மேலும் எழுதப்போவதில்லை. டவுக்குப் பிறகு இதை விரித்துரைத்த வில்லியம் பீட்டர் ஹாமில்டனும் ராபர்ட் ரியாவும்கூட அதிலிருந்து எதையும் ஊகிக்கவில்லை.

அந்த உதாரணத்தை நிதானமாகப் படித்தால் உங்கள் கேள்விக்கான விடை அதிலேயே இருக்கிறது. குச்சி நடுகிறவர் எந்த ஒரு அலையையும் பார்த்து, ‘இது ஓதத்தின் முடிவு’ என்று சொல்லவில்லை. அடுத்த அலைக்காகக் காத்திருக்கிறார். இறங்கிக்கொண்டிருக்கும் சந்தையைப் பார்த்து, இது இடைநிலைச் சரிவா, முதன்மைப் போக்கின் திருப்பமா என்று அந்த நாளிலேயே சொல்ல எவராலும் முடியாது. சரிவு நின்று, ஓர் ஏற்றம் வந்து, அந்த ஏற்றம் பழைய உச்சத்தைத் தாண்டாமல் ஓய்ந்து, பிறகு முந்தைய தாழ்நிலையும் உடைந்தால்தான் விடை கிடைக்கும். அதுவும் இரண்டு குறியீடுகளிலும் உடைய வேண்டும்.

1929ஆம் ஆண்டின் ஏழு வாரங்களை நாள் நாளாக எடுத்துப் பார்க்கலாம். ஒரு தாளில் எழுதிக்கொண்டே படியுங்கள். எண்கள் எல்லாம் வர்த்தக முடிவில் உள்ளவை. நாளின் நடுவே தொட்ட உச்சத்தையும் தாழ்வையும் இந்தக் கோட்பாடு கணக்கில் எடுப்பதில்லை.

1921 ஆகஸ்டில் 63.90இல் இருந்த தொழில்துறைக் குறியீடு எட்டு ஆண்டுகள் ஏறி, 1929 செப்டம்பர் 3 அன்று 381.17இல் முடிந்தது. ரயில்வே குறியீடும் அதே நாளில்தான் தன் உச்சத்தைத் தொட்டது. இதைக் கவனியுங்கள்: உச்சத்தில் இரண்டு குறியீடுகளுக்கும் இடையே எந்தப் பிணக்கும் இல்லை. பெரிய வீழ்ச்சிக்கு முன் இரண்டும் பிரிந்து எச்சரிக்கை தரும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். அந்த ஆண்டில் அப்படி ஒரு எச்சரிக்கையும் வரவில்லை.

அடுத்த ஒரு மாதத்தில் சரிவு. அக்டோபர் 4 அன்று முடிவு 325.17. உச்சத்திலிருந்து 56 புள்ளிகள், கிட்டத்தட்ட 15 சதவீதம். அந்த மாலையில் நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? கால அளவில் ஒரு மாதம், ஆழத்திலும் அசாதாரணம் எதுவும் இல்லை, அதற்கு முன் எட்டு ஆண்டு ஏற்றம். இடைநிலைச் சரிவு என்றுதான் எந்த நேர்மையான வாசிப்பும் சொல்லியிருக்கும். கையில் இருப்பதைத் தொடர்ந்து வைத்திருப்பதுதான் அன்றைக்குச் சரியான முடிவு.

பிறகு ஏற்றம் வந்தது. ஆறே நாட்களில், அக்டோபர் 10 அன்று 352.86. இழந்த 56 புள்ளிகளில் 27.69 திரும்பிவந்தன, அதாவது ஏறக்குறையச் சரிபாதி. அங்கே ஏற்றம் ஓய்ந்தது. இப்போதுதான் தாளில் இரண்டு கோடுகள் போட முடிகிறது: மேலே 381.17, கீழே 325.17. மேல்கோடு உடைந்தால் ஓதம் இன்னும் ஏறுகிறது. கீழ்க்கோடு உடைந்தால் திரும்பியிருக்கக்கூடும். நடுவில் என்ன நடந்தாலும் அது அலையாட்டம்தான்.

அக்டோபர் 19 சனிக்கிழமை, அரை நாள் வர்த்தகத்தில் குறியீடு கீழ்க்கோட்டுக்குச் சற்றுக் கீழே நழுவியது. 21ஆம் தேதி திங்கட்கிழமை 320.91இல் தெளிவாகவே கீழே முடிந்தது. ரயில்வே குறியீட்டில் அந்த உடைவு இன்னும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை தொழில்துறைக் குறியீடு 326.51க்கு ஏறி, உடைந்த கோட்டுக்கு மேலேயே வந்துவிட்டது. திங்கட்கிழமை ஒரே குறியீட்டை நம்பி விற்றவர் செவ்வாய் மாலை ஏமாந்ததாக நினைத்து மறுபடி வாங்கியிருப்பார். இரண்டாவது குறியீட்டுக்காகக் காத்திருக்கச் சொல்வது இப்படிப்பட்ட நாளுக்காகத்தான். 23ஆம் தேதி புதன்கிழமை தொழில்துறைக் குறியீடு 305.85க்கு விழுந்தது; 20 ரயில்வே பங்குகளின் குறியீடும் அன்று தன் தாழ்நிலைக்குக் கீழே முடிந்தது. உறுதிப்பாடு கிடைத்துவிட்டது. இரண்டு நாள் கழித்து வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் ஆசிரியர் ஹாமில்டன், தொழில்துறைக் குறியீடு திங்கட்கிழமை காட்டியதை ரயில்வே குறியீடு புதன்கிழமை உறுதிசெய்தது, ஓதம் திரும்பிவிட்டது என்று எழுதினார். 28, 29 தேதிகளில் சந்தை சரிந்த கதை உங்களுக்குத் தெரியும். இரண்டே நாளில் 298.97இலிருந்து 230.07.

இந்தக் கணக்கில் ஒரு விலை இருக்கிறது. உறுதிப்பாடு வந்த புதன்கிழமை மாலையில் உச்சத்திலிருந்து ஏற்கெனவே 20 சதவீதம் போய்விட்டது. அதைத் தவிர்க்க இந்த முறையில் வழியே இல்லை. 1932 ஜூலை 8 அன்று குறியீடு 41.22இல் முடிந்தது, 305.85இல் விற்றவருக்கு அதற்கு மேல் விழுந்த 86 சதவீதம் மிச்சம். 1929இல் இது மிக மலிவான பரிமாற்றம். ஆனால் கரடிச் சந்தை மொத்தமே 25 சதவீதத்தோடு முடிந்துவிடும் ஆண்டுகளில், உறுதிப்பாடு வருவதற்குள் தாழ்நிலை அருகில் வந்திருக்கும். விற்றவர் அதன் பிறகு மேலே போய் வாங்குவார். ஆல்ஃபிரட் கவுல்ஸ் என்ற பொருளியலாளர் 1904 முதல் 1929 வரை ஹாமில்டன் எழுதிய தலையங்கங்களை எடுத்துக் கணக்கிட்டார். அவற்றைப் பின்பற்றியவருக்கு ஆண்டுக்கு 12 சதவீதம், வாங்கிச் சும்மா வைத்திருந்தவருக்கு 15.5 சதவீதம் கிடைத்திருக்கும் என்று 1933இல் வெளியிட்டார். பிற்கால ஆய்வாளர்கள், ஹாமில்டன் சந்தைக்கு வெளியே நின்ற நாட்களில் தவிர்த்த அபாயத்தையும் கணக்கில் சேர்த்தால் அவர் முறை அவ்வளவு மோசமில்லை என்று காட்டினார்கள். இரண்டும் உண்மை என்றே நான் நினைக்கிறேன். பெரிய வீழ்ச்சியில் காக்கும், நீண்ட ஏற்றத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும்.

1929 நவம்பர் 13 அன்று குறியீடு 198.69. அங்கிருந்து ஓர் ஏற்றம் தொடங்கி 1930 ஏப்ரல் 17 அன்று 294.07 வரை போனது. ஐந்து மாதத்தில் 48 சதவீத லாபம். இடுக்கண் தீர்ந்தது என்று நம்பியவர்கள் ஏராளம். தாளில் கணக்குப் போடுங்கள்: 381.17இலிருந்து 198.69 வரை இழந்தது 182.48, திரும்பிவந்தது 95.38, அதாவது 52 சதவீதம். மூன்றில் ஒரு பங்குக்கும் இரண்டு பங்குக்கும் நடுவே வந்து நின்றுவிட்ட ஓர் இடைநிலை ஏற்றம். எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்று கேட்டால் காளைச் சந்தை போலத் தெரியும். இழந்ததில் எத்தனை பங்கு திரும்பியது என்று கேட்டால் கரடிச் சந்தையின் நடுவே ஒரு மூச்சு வாங்கல். இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கப் பழகுங்கள்.

ஆனால் அந்த ஐந்து மாதத்துக்குள்ளேயே கோட்பாட்டைக் குழப்பும் ஒரு வளைவும் இருக்கிறது. டிசம்பர் தொடக்கத்தில் குறியீடு 263க்கு ஏறி, 20ஆம் தேதிக்குள் 231 வரை சரிந்தது. ஏறியதில் பாதி போய்விட்டது. பிறகு ஜனவரி இறுதிக்குள் 263ஐத் தாண்டிவிட்டது. ஆழத்தைப் பார்த்தால் டிசம்பர் சரிவு ஓர் இடைநிலைப் போக்கு. அப்படி எடுத்துக்கொண்டால் ஜனவரியில் அந்த உச்சம் உடைந்ததைப் புதிய முதன்மை ஏற்றத்தின் முதல் அடையாளமாகப் படிக்க வேண்டியிருக்கும். அப்படி வாங்கியவர் கடுமையாக அடிபட்டிருப்பார். கால அளவைப் பார்த்தால் சரிவு இரண்டு வாரத்தைக்கூடத் தாண்டவில்லை. மூன்று வார அளவுகோலின்படி சிறு போக்கு, கணக்கில் சேராது. ஒரே வரைபடத்தில் இரண்டு அளவுகோல்கள் இரண்டு விடை தருகின்றன. காலம், ஆழம் இரண்டும் பொருந்தாத எந்த வளைவையும் நான் இடைநிலைப் போக்காக எண்ணுவதில்லை. இது என் பழக்கம்; வேறு விதமாக எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே கோட்பாட்டைக் கற்ற இருவர் ஒரே நாளில் எதிரெதிர் முடிவுக்கு வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நம் ஊருக்கு வருவோம். நியூயார்க்கில் ரயில்வே குறியீடு 1970இல் போக்குவரத்துக் குறியீடாக மாறி, விமானம், லாரி, கூரியர் நிறுவனங்களையும் சேர்த்துக்கொண்டது. இந்தியாவில் சரக்கைச் சுமக்கும் பெரிய ரயில் அமைப்பு அரசின் துறையாக இருக்கிறது. அதன் பங்கு சந்தையில் இல்லை. போக்குவரத்து என்ற பெயரில் தேசியப் பங்குச் சந்தை ஒரு குறியீடு வைத்திருக்கிறது, ஆனால் அதில் கார், இருசக்கர வாகனம் தயாரிக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. அவை சரக்கைச் சுமப்பவை அல்ல, செய்பவை. வங்கிக் குறியீட்டை இரண்டாம் சாட்சியாக வைப்பவர்களும் உண்டு. நிஃப்டியில் அதிக எடை கொண்ட நிறுவனங்களில் பெரிய வங்கிகள் இருப்பதால் அது பாதிச் சாட்சிதான்.

நான் பயன்படுத்துவது நிஃப்டி 50உம், நடுத்தர அளவு நிறுவனங்களுக்கான நிஃப்டி மிட்கேப் 100உம். நிறுவனங்கள் வேறு வேறு. ஆனால் இது ஆலை–ரயில் உறவு அல்ல என்பதை மறக்கக் கூடாது. மிட்கேப் குறியீடு சொல்வது, பணம் சில பெரிய நிறுவனங்களோடு நின்றுவிடாமல் பரவுகிறதா என்பதை மட்டுமே. 2018 ஜனவரியில் இரண்டும் உச்சத்தில் இருந்தன. சரிந்து, நிஃப்டி மட்டும் ஆகஸ்டு இறுதியில் 11,738இல் புதிய உச்சம் கண்டது. மிட்கேப் குறியீடு ஜனவரி உச்சத்துக்கு அருகில்கூட வரவில்லை. உறுதிப்பாடு மறுக்கப்பட்டது. அக்டோபருக்குள் நிஃப்டி 10,000 அருகே இறங்கியபோது, ‘பார்த்தீர்களா’ என்று பலர் சொன்னார்கள். ஆனால் 2019இல் நிஃப்டி மறுபடி புதிய உச்சங்களைக் கண்டு, 2020 ஜனவரியில் 12,362 வரை போனது. மிட்கேப் அப்போதும் வரவில்லை. உறுதிப்பாடு இல்லை என்பதையே விற்பதற்கான உத்தரவாக எடுத்துக்கொண்டவர் ஒன்றரை ஆண்டு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்திருப்பார். பிறகு 2020 மார்ச்சில் கொரோனா வந்து எல்லாவற்றையும் வீழ்த்தியதைக் குறியீடுகள் முன்கூட்டியே அறிந்திருந்தன என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

உறுதிப்பாடு இல்லை என்றால் பொருள் இதுதான்: ஏற்கெனவே உறுதியான பழைய போக்கு மாறியதாகச் சொல்லவும் ஆதாரமில்லை, புதிய பணத்தை நம்பிக்கையோடு போடவும் ஆதாரமில்லை. அந்தக் காலத்தில் நான் மிட்கேப் பங்குகளில் புதிதாகச் சேர்க்க வேண்டாம் என்றேன். இருக்கும் பெரிய நிறுவனப் பங்குகளை விற்கச் சொல்லவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு குறியீடுகளின் அன்றாட முடிவையும் எழுதிவாருங்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நான் வரைபடத் தாளில் பென்சிலால் புள்ளி வைத்துப் பழகினேன். கையால் எழுதும்போது நாள் நடுவே நடக்கும் ஆட்டம் கண்ணில் படுவதில்லை, அது பெரிய நன்மை. மூன்று வாரத்துக்கு மேல் நீடித்து, முந்தைய நகர்வில் மூன்றில் ஒரு பங்காவது திரும்ப எடுத்த சரிவையோ ஏற்றத்தையோ மட்டும் சிவப்பு மையால் குறியுங்கள். இப்படிப் பார்த்தால் 1929இன் அந்த ஆறு நாள் ஏற்றத்தை விட்டுவிட வேண்டியிருக்குமே என்று கேட்பீர்கள். கரடிச் சந்தையின் தொடக்கத்தில் ஏற்றங்கள் குறுகிய காலத்தில் பாய்ந்து முடிவது அடிக்கடி நடக்கிறது. ஹாமில்டனும் அந்த இடத்தில் நாட்களை எண்ணவில்லை, குறியீடு பாதியைத் திரும்ப எடுத்ததைப் பார்த்தார். ஒரு மாதச் சரிவுக்குப் பின் வரும் முதல் ஏற்றத்துக்கு மட்டும் இந்த விலக்கை நானும் தருகிறேன். மற்ற எல்லா இடத்திலும் இரண்டு அளவுகோலும் வேண்டும்.

மாதா மாதம் தவணையாக மியூச்சுவல் ஃபண்டில் பணம் போட்டுவருகிறீர்கள் என்றால், அந்தப் பணத்துக்கு இந்தக் கோடுகள் எதுவும் தேவையில்லை. நேரடியாக வைத்திருக்கும் பங்குகளுக்கும் ஒரு நிறுவனத்தின் லாபம் குறைகிறதா என்ற கேள்விதான் முதலில் வர வேண்டும். எது எப்படியிருந்தாலும், அடுத்த கடிதத்தில் நிஃப்டியிலும் மிட்கேப் 100இலும் நீங்கள் சிவப்பு மையால் குறித்த கடைசி இரண்டு உச்சங்களையும் இரண்டு தாழ்நிலைகளையும் தேதியுடன் எழுதி அனுப்புங்கள். எட்டு எண்கள் போதும். விற்கலாமா என்ற கேள்வியை அந்த எட்டு எண்களை முன்னால் வைத்துக்கொண்டு பேசுவோம்.